பழைய காரில் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்: மதுரையில் பாடுவது தேனி ரோட்டில் ஏன் பாடவில்லை

கேள்வி: அண்ணே, அப்பாவோட 99 மாடல் மாருதி 800, அதுல பழைய கேசட் ஸ்டீரியோ, நம்பர் காட்டுற ரேடியோவும் இருக்கு. லைட்டர் சாக்கெட்ல சொருகுற எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கி 100.1-ல வச்சிருக்கேன். மதுரைக்குள்ள அருமையா பாடுது. தேனி ரோட்ல உசிலம்பட்டி தாண்டுனா இரைச்சல், ஆண்டிபட்டி கணவாய் இறங்குனா பாட்டுக்கு நடுவுல கொடைக்கானல் ஸ்டேஷன் பேசுது. அதோட, போனை வயர்ல மாட்டி அதுலயே சார்ஜ் போட்டா ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க கீச்சுனு சத்தம். டிரான்ஸ்மிட்டர் மட்டமானதா? வேற நல்லதா வாங்கணுமா?

பதில்:

தம்பி, வேறு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டிரான்ஸ்மிட்டரில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் வைத்திருக்கும் எண்தான் தப்பான இடத்தில் இருக்கிறது, கீச் சத்தம் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு விஷயம். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம், ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டால் நாள் முழுக்கத் தேடினாலும் பிடிபடாது.

முதலில் அந்த 100.1. கொடைக்கானல் பண்பலை 100.5-ல் வருகிறது, இது உங்களுக்கே தெரியும். இரண்டுக்கும் இடையில் 0.4 மெகாஹெர்ட்ஸ்தான். எண்ணாகப் பார்த்தால் தள்ளி இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் ஒரு எஃப்.எம். ஸ்டேஷன் தன் எண்ணில் கோடு போட்ட மாதிரி ஒற்றைப் புள்ளியாக நிற்பதில்லை, பாட்டின் சத்தத்துக்கு ஏற்ப இரண்டு பக்கமும் சுமார் 0.1 வரைக்கும் பரவி ஆடிக்கொண்டிருக்கும். உங்கள் டிரான்ஸ்மிட்டரும் அப்படித்தான் ஆடுகிறது. நடுவில் மிஞ்சும் இடைவெளியைப் பிரித்துக் காட்டுவது ரேடியோவுக்குள் இருக்கும் ஃபில்டரின் வேலை. அந்தக் காலத்து கேசட் ஸ்டீரியோக்களில் இந்த ஃபில்டர் கொஞ்சம் அகலமாகவே இருக்கும். பக்கத்து ஸ்டேஷன் மெல்லியதாக இருக்கும் வரை தடுத்துவிடும், அது பலமாக வந்தால் தடுக்க முடியாது.

இப்போது உங்கள் பயணத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கிருந்து வரும் சிக்னலுக்குச் சமவெளியில் தடை மிகக் குறைவு. அதனால்தான் பல மாவட்டங்களில் அது எடுக்கிறது. மதுரையிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் 75 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும், உசிலம்பட்டியிலிருந்து பார்த்தால் சுமார் 45, தேனியிலிருந்து வெறும் 25 அளவுதான். தூரம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தால் சிக்னலின் சக்தி ஒன்பது மடங்காகும், அதுவும் நடுவில் மறைப்பு எதுவும் இல்லாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. மதுரைக்குள் கட்டடங்கள் மறைத்துக்கொண்டிருந்ததும் இல்லாமல் போகிறது என்றால், கணவாய் தாண்டி வடக்கே கொடைக்கானல் மலை கண்ணுக்கு முன்னால் தெரியும் இடத்தில் அது எவ்வளவு ஓங்கியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் டிரான்ஸ்மிட்டர் மட்டும் மதுரையில் எவ்வளவு கொடுத்ததோ அதே அளவைத்தான் தேனியிலும் கொடுக்கிறது. அது ஒரு துளிகூடக் குறையவில்லை, எதிரில் நிற்பவன் வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன வரிசையும் இதற்கு அப்படியே பொருந்துகிறது. முதலில் வெறும் இரைச்சல், குறிப்பாகப் பாட்டில் ‘ஸ’, ‘ச’ வரும் இடங்களிலும் தாளச் சத்தங்களிலும் கரகரப்பு, அப்புறம் மெதுவாகப் பேச்சு. பக்கத்து எண்ணில் இருப்பவர் புகுந்தால் இப்படித்தான் கரகரப்பில் ஆரம்பிக்கும். அதே எண்ணில் இன்னொரு ஸ்டேஷன் வந்தால் வேறு மாதிரி இருக்கும். எஃப்.எம். ரேடியோவுக்கு ஒரு குணம் உண்டு, ஒரே எண்ணில் இரண்டு சிக்னல் வந்தால் பலமானதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அடியோடு அமுக்கிவிடும். ஆகவே உங்கள் பாட்டு சுத்தமாகப் பாடிக்கொண்டே இருக்கும், ஒரு மேட்டில் ஏறியதும் பட்டென்று அந்த ஸ்டேஷன் சுத்தமாகப் பாடும், இறங்கியதும் மறுபடி உங்கள் பாட்டு. வண்டியில் இந்த வித்தியாசத்தைக் காதால் கேட்டே, பிரச்சினை பக்கத்து எண்ணிலா அதே எண்ணிலா என்று சொல்லிவிடலாம்.

சரி, எந்த எண்ணில் வைப்பது? டிரான்ஸ்மிட்டரில் காலி இடம் தேடும் பட்டன் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். அது டேஷ்போர்டுக்குக் கீழே, தன் சின்ன ஆன்டெனாவை வைத்துத் தேடுகிறது. உங்கள் ரேடியோ கேட்பதோ வெளியே நிற்கும் ஏரியலை வைத்து. அங்கே கேட்காத ஸ்டேஷன் இங்கே நன்றாகவே கேட்கும். தேட வேண்டியது கார் ரேடியோவை வைத்துத்தான், அதுவும் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி வைத்துவிட்டு.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். வீட்டு வாசலில் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ரேடியோவை மட்டும் போட்டு, 87.5-லிருந்து ஒவ்வொரு படியாகக் கையால் நகர்த்துவேன். தானாகத் தேடும் ஸீக் பட்டன் வேண்டாம், அது மெல்லிய ஸ்டேஷன்களைத் தாண்டி ஓடிவிடும், நமக்கு வேண்டியது அந்த மெல்லியவைதான். சீரான ‘ஸ்ஸ்’ மட்டும் கேட்கிற இடத்தைத் தேடுகிறேன். அந்த இரைச்சலுக்குள் பேச்சோ தாளமோ எங்கோ தூரத்தில் கேட்டாலும் அது வேண்டாம். திடீரென்று ‘ஸ்ஸ்’ அடங்கி அமைதியாகிற இடத்தையும் காலி என்று நினைத்துவிடாதீர்கள், அங்கே ஒரு ஸ்டேஷன் சத்தமில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம், இரண்டு நிமிடம் காத்திருந்தால் பேச ஆரம்பித்துவிடும். காலி என்று தோன்றும் இடத்துக்கு இரண்டு பக்கமும் 0.2, 0.4 தள்ளியும் கேட்டுப் பார்க்கவேண்டும். பலமான ஸ்டேஷனிலிருந்து குறைந்தது 0.6, முடிந்தால் 0.8 தள்ளி இருந்தால் பழைய ரேடியோ தாங்கும். இப்படி நான்கைந்து எண்களைக் குறித்துக்கொள்வேன்.

ஆனால் வாசலில் எடுத்த பட்டியல் வாசலுக்குத்தான். அதை வழியில் சோதிக்கவேண்டும். தேனி ரோடு என்றால் செக்கானூரணி, உசிலம்பட்டி, கணவாய் தாண்டி ஆண்டிபட்டி, கடைசியில் தேனி என்று நான்கு இடத்தில் ஓரமாக நிறுத்தி, குறித்து வைத்த அந்த ஐந்து எண்களை மட்டும் மறுபடி கேட்டால் போதும், ஒரு இடத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. முதல் தடவை போகும்போதே ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு எண்கள் அடிபடும். நான்கு இடத்திலும் ‘ஸ்ஸ்’ என்றே இருக்கிற எண் எதுவோ அதுதான் உங்கள் எண், அதற்கப்புறம் அந்த ரோட்டில் நீங்கள் எதையும் மாற்றவே வேண்டியதில்லை. வண்டி ஓட்டுபவர் பட்டனைத் தொடக்கூடாது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று கேட்டால், நம் பக்கத்தில் 88-க்கும் 90-க்கும் இடையில் முதலில் பாருங்கள். தனியார் ஸ்டேஷன்கள் 91-க்கு மேலே ஆரம்பிக்கின்றன, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4 என்று மேலே போகிறது, அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையங்கள் பெரும்பாலும் 100-க்கு மேலே. 90.4, 90.8, 107.8 ஆகியவை சமுதாய வானொலிகளுக்குக் கொடுக்கப்படும் எண்கள், கல்லூரி இருக்கும் ஊர் பக்கம் போனால் திடீரென்று முளைக்கும், அதனால் அவற்றையும் ஒட்டி வைக்கவேண்டாம். நிறையப் பேர் 87.5-ஐயோ 108-ஐயோ கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறார்கள். காலியாக இருந்தால் தப்பில்லை, ஆனால் சில பழைய ஸ்டீரியோக்கள் வரிசையின் இரண்டு முனைகளிலும் கொஞ்சம் மந்தமாகவே எடுக்கும், 88.3, 88.7 மாதிரி சற்று உள்ளே தள்ளி வைத்தால் நல்லது.

ரேடியோ எண் காட்டும் வகை என்பதால் இன்னொன்றைக் கவனியுங்கள். சில ஸ்டீரியோக்கள் 0.1 ஆக நகராமல் 0.2 ஆகத் தாவும், 88.1, 88.3, 88.5 என்று ஒற்றைப்படையில் மட்டுமே நிற்கும். அப்படி இருந்தால் டிரான்ஸ்மிட்டரையும் ஒற்றைப்படையில்தான் வைக்கவேண்டும். 88.4-ல் வைத்துவிட்டு 88.3-ல் கேட்டால் பாட்டு வரும், ஆனால் சத்தமான இடங்களில் எல்லாம் பிசிறு அடிக்கும், ஆளும் டிரான்ஸ்மிட்டரைத்தான் திட்டுவார். இதைவிடப் பெரிய சிக்கல் ஜப்பானிலிருந்து வந்த பழைய செட்டுகளில் உண்டு, அந்தக் காலத்தில் அங்கே உள்ளூர் வரிசை 76-லிருந்து 90 வரை மட்டுமே இருந்ததால் அவற்றில் 90-க்கு மேலே எண்ணே இருக்காது. உங்களுடையது 100.1 காட்டுவதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. முள் நகரும் பழைய டயல் ரேடியோ வைத்திருப்பவர்கள் வேறொன்றை எதிர்பார்க்கவேண்டும்: சித்திரை வெயிலில் பூட்டிக் கிடந்த வண்டியில் ஏறிப் போட்டால் ரேடியோவே தன் இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்திருக்கும், டிரான்ஸ்மிட்டர் நகராது, குமிழை ஒரு மயிரிழை திருப்பினால் சரியாகிவிடும்.

அடுத்தது ஏரியல். ரேடியோ எடுக்காவிட்டால் ஏரியலை முழுசாக இழுத்துவிடு என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டிரான்ஸ்மிட்டர் வைத்துப் பாட்டுக் கேட்கும்போது அதை உள்ளே தள்ளிப் பாருங்கள். காரணம் எளிது. நீண்ட ஏரியல் வெளியே தூரத்திலிருந்து வரும் ஸ்டேஷன்களுக்கு வேண்டியது. உங்கள் டிரான்ஸ்மிட்டரோ ஸ்டீரியோவிலிருந்தும் ஏரியல் வயரிலிருந்தும் இரண்டடி தூரத்தில் இருக்கிறது, ஏரியலின் அடிக்கட்டை மட்டும் வெளியே இருந்தாலும் அது போய்ச் சேர்ந்துவிடும். தள்ளிவிட்டால் இரண்டுமே குறையும், ஆனால் வெளி ஸ்டேஷன் அதிகமாகவும் உங்களுடையது கொஞ்சமாகவும் குறையும், நமக்கு வேண்டியது அந்த வித்தியாசம்தான். எல்லா வண்டியிலும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது. நிறுத்தி வைத்த வண்டியில் பாட்டைப் போட்டு, ஏரியலை இழுத்தும் தள்ளியும் பாதியில் வைத்தும் கேட்டுப் பார்த்து எது நன்றாக இருக்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

ஆனால் மதுரைக்குள்ளேயே, காலியான எண்ணிலும், உங்கள் பாட்டில் இரைச்சல் இருந்தால் அப்போது ஏரியலைச் சந்தேகப்படவேண்டும். 25 வருட வண்டியில் ஏரியல் அடிப்பக்கம் பாடியைத் தொடும் இடம் துருப்பிடித்திருக்கும், அல்லது ஸ்டீரியோவைக் கழற்றி மாட்டிய யாரோ பின்னால் ஏரியல் பிளக்கை முழுதாகச் சொருகாமல் விட்டிருப்பார்கள். சாதாரண உள்ளூர் ஸ்டேஷனே சுமாராக எடுக்கிறது என்றால் குறை அங்கேதான். ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பிளக்கை அழுத்திச் சொருகி, ஏரியல் அடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கச் சொல்லுங்கள். பூமி, அதாவது எர்த், சரியாகப் படாத ஏரியலில் இன்ஜின் ஸ்பார்க்கின் ‘டக் டக்’ சத்தமும் உள்ளே வரும்.

இப்போது அந்தக் கீச் சத்தம். ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கினால் அது காற்றில் வருவதில்லை, ஆல்டர்னேட்டரிலிருந்து வயர் வழியாக வருகிறது. உங்கள் போன் இப்போது இரண்டு வயரில் டிரான்ஸ்மிட்டரோடு சேர்ந்திருக்கிறது, ஒன்று பாட்டு போகும் வயர், இன்னொன்று சார்ஜ் வயர். இரண்டிலும் பூமிக் கம்பி ஒன்று உண்டு, அது இரண்டு வழியிலும் சேரும்போது ஒரு வளையம் ஆகிவிடுகிறது. சார்ஜ் கரண்ட் அந்த வளையத்தில் ஓடும்போது, ஆல்டர்னேட்டரின் அலையும் சேர்ந்து பாட்டு வயரில் ஏறிக்கொள்கிறது, டிரான்ஸ்மிட்டர் அதையும் பாட்டு என்று நினைத்து அனுப்புகிறது. சோதிப்பது ஒரு நிமிட வேலை: இன்ஜின் ஓடும்போது சார்ஜ் வயரை மட்டும் உருவுங்கள். கீச் நின்றால் வளையம்தான். நிற்காமல் தொடர்ந்தால், போனிலிருந்து பாட்டு வயரையும் உருவிப் பாருங்கள். அப்போதும் கேட்டால் சத்தம் லைட்டர் சாக்கெட் வழியாக நேராக டிரான்ஸ்மிட்டருக்குள் நுழைகிறது, சாக்கெட்டின் பூமி வயரையும் பேட்டரி டெர்மினலையும் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் காட்டவேண்டும்.

வளையம் என்று உறுதியானால் மருந்து சுலபம். டிரான்ஸ்மிட்டரில் புளூடூத் இருந்தால் பாட்டை அதில் அனுப்பிவிட்டு சார்ஜ் வயரை மட்டும் மாட்டுங்கள், வளையம் அறுந்துவிடும். புளூடூத் இல்லாவிட்டால் போனுக்குப் பவர் பேங்கில் சார்ஜ் போடுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் பாட்டு வயருக்கு நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா கிடைக்கும், டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்தான், பாட்டை விட்டுவிட்டுக் கம்பித் தொடர்பை மட்டும் பிரிக்கும். மட்டமானதில் அடிச்சத்தம் கொஞ்சம் மெலியும்.

ஒரு சந்தேகத்தையும் சேர்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள். சில மலிவான கார் சார்ஜர்கள் கீச் போடாது, ஆனால் எஃப்.எம். வரிசை முழுக்க ‘ஸ்ஸ்’ஸை ஏற்றிவிடும். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு மெல்லியதாக எடுக்கும் ஒரு ஸ்டேஷனைப் போட்டு, சார்ஜரை மாட்டியும் கழற்றியும் கேளுங்கள், மாட்டியதும் ஸ்டேஷன் மங்கினால் அந்த சார்ஜரை வண்டியில் வைக்காதீர்கள்.

கடைசியாகச் சத்த அளவு, ஏனென்றால் எண்ணைச் சரியாக வைத்த பிறகும் நிறையப் பேருக்குப் பாட்டு கெடுவது இங்கேதான். போனில் வால்யூமை மெதுவாக வைத்து ஸ்டீரியோவைக் கூட்டினால் ஸ்டீரியோ இரைச்சலையும் சேர்த்துக் கூட்டும். போனை உச்சத்தில் வைத்தால் டிரான்ஸ்மிட்டர் தன் எல்லையைத் தாண்டி ஆடும், ரேடியோவின் ஃபில்டர் ஓரங்களை வெட்டும், நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து ஓங்கும் இடத்தில் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரிக் கேட்கும். அளவைக் கண்டுபிடிக்க ஒரு உள்ளூர் ஸ்டேஷனையே தராசாக வைத்துக்கொள்ளலாம். ஏதாவது பாட்டு ஓடும் ஸ்டேஷனைப் போட்டு ஸ்டீரியோ வால்யூமை உங்களுக்குப் பிடித்த அளவில் வையுங்கள். அதைத் தொடாமல் உங்கள் எண்ணுக்கு மாறுங்கள். இப்போது போன் வால்யூமை மட்டும் ஏற்றி, இரண்டும் ஒரே அளவு கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த ஸ்டேஷன் எவ்வளவு ஆடுகிறதோ உங்கள் டிரான்ஸ்மிட்டரும் ஏறக்குறைய அவ்வளவே ஆடுகிறது என்று அர்த்தம், ரேடியோ அதற்காகத்தான் செய்யப்பட்டது. எனக்கு இது பெரும்பாலும் போனில் முக்கால் அளவுக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். போனில் ஈக்வலைசரும் பேஸ் பூஸ்டும் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், பேஸ் வேண்டும் என்றால் ஸ்டீரியோவில் கூட்டிக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் லேசான ‘ஸ்ஸ்’ பின்னணியில் இருந்து, ஸ்டீரியோவில் மோனோ பட்டன் இருந்தால் அழுத்திப் பாருங்கள், இடது வலது பிரிவு போய்விடும், ஆனால் இரைச்சல் கண்கூடாக இறங்கும். மாருதியில் நான்கு பேர் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகும்போது அந்தப் பிரிவு யாருக்கும் தெரியப்போவதில்லை.

உங்கள் கேசட் டெக் இன்னும் ஓடுகிறதா என்று சொல்லவில்லையே. ஓடினால், கேசட் வடிவத்திலேயே வயரோடு வரும் அடாப்டர் ஒன்று உண்டு, அதைச் சொருகினால் காற்றில் அனுப்பும் வேலையே இல்லை, எந்த ஊர் ஸ்டேஷனும் குறுக்கே வராது. டெக்கின் ஹெட் தேய்ந்திருந்தாலோ பெல்ட் போயிருந்தாலோ அது ஆகாது.

இன்னொன்று, இந்த வண்டியில் ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் போவதாக இருந்தால் தேனி ரோட்டு எண்ணை அங்கே எதிர்பார்க்காதீர்கள். கடற்கரையை நெருங்க நெருங்க இலங்கை ஸ்டேஷன்கள் வரிசை முழுக்க வந்து உட்கார்ந்துகொள்ளும், ராத்திரியிலும் விடியற்காலையிலும் இன்னும் அதிகமாக. அந்த ரோட்டுக்குப் பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் என்று நிறுத்தித் தனியாக ஒரு பட்டியல் எடுங்கள், இரண்டு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சன் வைசரில் சொருகி வைத்துவிடுங்கள். அடுத்த தடவை கணவாய் இறங்கும்போது பாட்டு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள் தம்பி.